மொத்த நஷ்டமே 2 கோடிதான், ஒரே வருடத்தில் 3.2 கோடி எழுதச் சொல்கிறார் ஆடிட்டர். சரியா?

கயல்_சேலம்

எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் ஒரு சிவில் கான்ட்ராக்ட் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். லிஸ்ட் ஆகாத பிரைவேட் லிமிடெட், நிகர மதிப்பும் 250 கோடிக்குக் கீழேதான். அதனால் கட்டுமான ஒப்பந்தத்துக்கான கணக்குத் தரநிலை ஏஎஸ் 7தான், பெரிய கம்பெனிகளுக்கான இண்ட் ஏஎஸ் கிடையாது.

2022-23இல் ஒரு ரயில்வே மேம்பால வேலை எடுத்தோம். வடிவமைப்பிலிருந்து கட்டுமானம் வரை எங்கள் பொறுப்பான இபிசி, ஒரே மொத்தத் தொகைக்கு லம்ப்சம். ஜிஎஸ்டி நீங்கலாக 40 கோடி. மொத்தச் செலவு 36 கோடி ஆகும், 4 கோடி நிற்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். முதல் வருடம் 10.8 கோடி செலவானது. 36இல் அது 30 சதவீதம். எனவே 40 கோடியில் 30 சதவீதமாக 12 கோடி வருமானம், 1.2 கோடி லாபம் காட்டினோம். வரியும் கட்டியாயிற்று.

2023-24இல் கதை மாறிவிட்டது. பைலிங் போட்ட இடத்தில் பாறை நினைத்ததைவிட ஆழத்தில் இருந்தது. மார்ச் 31 வரை மொத்தம் 25.2 கோடி செலவாகிவிட்டது. முடிக்கும்போது 42 கோடி ஆகும் என்கிறார் எம்டி. அதாவது 2 கோடி நஷ்டம்.

அவர் சொல்வது: "60 சதவீத வேலை முடிந்தது, 2 கோடியில் 60 சதவீதம் 1.2 கோடி. அதை எழுதினால் போதும்." ஆடிட்டர் சொல்வது 3.2 கோடி. மொத்த வேலைக்குமே 2 கோடிதானே நஷ்டம், ஒரே வருடத்தில் அதைவிட அதிகமாக எப்படி வரும்? நான் கேட்டதற்கு "யோசித்துப் பாரும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். யோசித்துப் பார்த்தேன், வரவில்லை.

முனுசாமி_பில்லிங்

நான் 28 வருடமாக சைட்டில் பில் போடுகிறவன். உங்கள் ஆட்கள் சும்மா குழப்புகிறார்கள் தாயி. செய்த வேலையின் அளவு எம் புக்கில் ஏறி, இடைக்கால ஆர்ஏ பில்லாகி, இன்ஜினியர் கையெழுத்துப் போட்டதுதான் வருமானம். இந்த வருடம் எவ்வளவுக்கு பில் போட்டீர்கள்?

கயல்_சேலம்

போன வருடம் 11 கோடி, இந்த வருடம் 15 கோடி. இதுவரை மொத்தம் 26 கோடி ஐயா.

முனுசாமி_பில்லிங்

பார்த்தீர்களா. இந்த வருடச் செலவு 14.4, பில் 15. அறுபது லட்சம் லாபம். நஷ்டம் எங்கே இருக்கிறது?

வடபழனி_ஆடிட்டர்

முனுசாமி அண்ணே, அந்த நஷ்டம் அடுத்த வருடத்தில் ஒளிந்துகொண்டிருக்கிறது. 40 கோடியில் 26 கோடிக்கு பில் போட்டாயிற்று என்றால் மிச்சம் போட முடிந்தது 14 கோடிதான். ஆனால் 42 கோடியில் 25.2 போக இன்னும் 16.8 கோடி செலவு காத்திருக்கிறது. பில்லை வைத்துக் கணக்கு முடித்தால் 2023-24இல் லாபம், 2024-25இல் 2.8 கோடி பள்ளம்.

லம்ப்சம் வேலையில் பேமென்ட் ஷெட்யூல் எப்படி இருக்கும் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அஸ்திவாரம், தூண் என்று முன்பகுதிக்கு எடையைத் தூக்கி வைத்து வாங்கியிருப்பார்கள். பணம் சீக்கிரம் கைக்கு வர அது நல்லது, வேலையின் அளவுகோல் அல்ல. வாங்கிய பில்லும் அட்வான்ஸும் செய்த வேலையைக் காட்டாது என்று ஏஎஸ் 7இலேயே சொல்லியிருக்கிறது.

கயல், உங்கள் கேள்விக்கு வருகிறேன். "இந்த வருடம் எவ்வளவு" என்று தொடங்கியதால்தான் சிக்கல். "இதுவரை மொத்தமாக எங்கே நிற்க வேண்டும்" என்று தொடங்குங்கள். ஒப்பந்தம் நஷ்டத்தில் முடியும் என்று தெரிந்த அன்றே முழு நஷ்டமும் கணக்கில் ஏற வேண்டும். எனவே 2024 மார்ச் 31 அன்று இந்த வேலைக்காக நீங்கள் நிற்க வேண்டிய இடம் கழித்தல் 2 கோடி. போன மார்ச்சில் நின்ற இடம் கூட்டல் 1.2. மேலே இருந்து கீழே வர எத்தனை படி?

```
நிற்க வேண்டிய இடம்         -2.0
போன வருடம் நின்ற இடம்      +1.2
இந்த வருடம்: -2.0 - 1.2  =  -3.2
```

போன வருட லாபம் அன்றைய எஸ்டிமேட்படி நேர்மையாகவே காட்டியது. அதில் தவறில்லை, பழைய கணக்கைத் திறக்கவும் வேண்டாம். எஸ்டிமேட் மாறியதன் விளைவு மாறிய வருடத்தில் விழுகிறது, அவ்வளவுதான்.

கயல்_சேலம்

ஓ. இரண்டு வருடத்தையும் கூட்டினால் 2 கோடிதான் வருகிறது. இப்போது புரிகிறது. நன்றி சார்.

பாலா_டேக்ஸ்

ஒரு நிமிடம். வடபழனி சார் சொன்னதை ஏற்க முடியவில்லை. முழு நஷ்டத்தையும் முன்கூட்டி எடுக்கக்கூடாது. வருமான வரிக்கான கணக்கீட்டுத் தரநிலை ஐசிடிஎஸ் 3இல் தெளிவாக இருக்கிறது, லாபமானாலும் நஷ்டமானாலும் முடிந்த சதவீதத்துக்குத்தான். வருமான வரிச் சட்டத்தில் 43சிபி பிரிவு வந்த பிறகு இதில் வாதத்துக்கே இடமில்லை. எம்டி சொல்வதுதான் சரி, 60 சதவீதம்.

வடபழனி_ஆடிட்டர்

பாலா, நீங்கள் சொல்வது வரிக்குச் சரி. கயல் கேட்டது புத்தகக் கணக்கு. ஐசிடிஎஸ் வருமான வரிக் கணக்கீட்டுக்கு மட்டும்தான், புத்தகம் எழுதுவதற்கு அல்ல என்று அதன் முன்னுரையிலேயே போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. வரிக்கும்கூட எம்டி சொன்ன 1.2 வராது. 60 சதவீதம் என்றால் இதுவரை வருமானம் 24, செலவு 25.2, எனவே இதுவரை நஷ்டம் 1.2. அதில் போன வருடம் லாபமாகக் காட்டி வரி கட்டிய 1.2 இருக்கிறதே. இந்த வருடத்துக்கு 2.4 கோடி நஷ்டம் வரியிலேயே கிடைக்கும். மீதி 0.8 கோடியை இந்த வருடம் வரியில் கூட்டிக்காட்டிவிட்டு அடுத்த வருடம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பாலா_டேக்ஸ்

சரி, போன வருட 1.2ஐ நான் விட்டுவிட்டேன். ஆனால் ஐசிடிஎஸ்ஸுக்கு முன்னால் முழு நஷ்டத்தையும் தீர்ப்பாயங்கள் அனுமதித்த வழக்குகள் உண்டு. அதைக் காட்டி 0.8ஐயும் இப்போதே கேட்டால்?

வடபழனி_ஆடிட்டர்

கேட்கலாம். என் கிளையன்டுக்கு நான் கேட்க மாட்டேன். ஒரு வருட வித்தியாசத்துக்காக அப்பீல் வரை நடக்கச் செருப்பு தேயும்.

கோவை_புரமோட்டர்

எங்களுக்கும் இதே பிரச்சினைதான். 64 ஃப்ளாட் கட்டுகிறோம், 20 விற்றிருக்கிறது, 35 சதவீதக் கட்டுமானம் முடிந்தது. சதவீத முறையில் வருமானம் எடுக்கலாமா? நஷ்டம் இல்லை, ஆனால் லாபத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

வடபழனி_ஆடிட்டர்

அது வேறு வீட்டு விவகாரம் சார். கயலின் கம்பெனி அடுத்தவருக்குக் கட்டிக்கொடுக்கிற கான்ட்ராக்டர், நீங்கள் கட்டி விற்கிறவர். ஏஎஸ் பின்பற்றுகிற புரமோட்டருக்கு ஐசிஏஐயின் 2012 வழிகாட்டுக் குறிப்பு இருக்கிறது. அதில் முக்கிய அனுமதிகள் கிடைத்திருக்க வேண்டும், கட்டுமானச் செலவில் 25 சதவீதம் தாண்டியிருக்க வேண்டும், விற்கக்கூடிய பரப்பில் 25 சதவீதத்துக்காவது ஒப்பந்தம் ஆகியிருக்க வேண்டும், அந்த ஒப்பந்தங்களில் 10 சதவீதப் பணம் வந்திருக்க வேண்டும். எல்லா ஃப்ளாட்டும் ஒரே அளவு என்றால் 64இல் 20 என்பது 31 சதவீதம். தனி இழை தொடங்குங்கள், "லாபத்தைத் தள்ளிப்போட வேண்டும்" என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டு.

கான்கிரீட்_செந்தில்

நான் பிளானிங் இன்ஜினியர், கணக்குக்காரன் இல்லை. எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, அந்த 25.2 கோடிக்குள் என்ன என்ன இருக்கிறது? சைட்டில் கிடக்கும் பொருளும் சேர்ந்ததா? இரண்டு, அந்த 42 கோடி யார் போட்டது, எப்படிப் போட்டது? நீங்கள் எல்லோரும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு மேலே கணக்குப் போடுகிறீர்கள்.

கயல்_சேலம்

25.2இல் 2.1 கோடிக்கு டிஎம்டி கம்பி இருக்கிறது சார். மார்ச்சில் விலை இறங்கியது என்று வாங்கி யார்டில் அடுக்கிவிட்டார்கள். இன்னும் வெட்டக்கூட இல்லை. 42 எம்டி வாய்மொழியாகச் சொன்னது. ஷீட் எதுவும் எனக்கு வரவில்லை.

வடபழனி_ஆடிட்டர்

செந்தில், நல்ல கேள்வி. நான்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

வெட்டாத கம்பி செய்த வேலை ஆகாது. எந்த வேலைக்கும் போகக்கூடிய பொருள், நாளைக்கே லாரியில் ஏற்றி அடுத்த சைட்டுக்கு அனுப்பலாம். இந்தப் பாலத்துக்கென்றே அளவெடுத்துச் செய்த ஸ்டீல் கர்டராக இருந்தால் வேறு பேச்சு, அதைச் சேர்த்துக்கொள்ளலாம். எனவே சதவீதத்துக்கான செலவு 23.1 கோடிதான். 42இல் அது 55 சதவீதம். இதுவரை வருமானம் 24 அல்ல, 22 கோடி.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள்:

```
                         60%     55%
இதுவரை வருமானம்         24.0    22.0
இதுவரை செலவு            25.2    23.1
இதுவரை நஷ்டம்            1.2     1.1
வரப்போகும் நஷ்டம்        0.8     0.9
மொத்தம்                  2.0     2.0
```

சதவீதம் எதுவானாலும் புத்தகத்தில் இந்த வருடப் பாதிப்பு அதே 3.2 கோடிதான். முடிந்த வேலையில் குறைகிற நஷ்டம், வரப்போகும் நஷ்டத்துக்கான ப்ரொவிஷனில் ஏறிவிடுகிறது. லாபமான வேலையில் சதவீதத்தை இழுத்தால் லாபம் நகரும். நஷ்டமான வேலையில் விற்றுமுதல் மட்டும்தான் நகரும். வேலையே தொடங்காவிட்டாலும் அந்த 2 கோடி நின்றிருக்கும்.

வரியில் அப்படி இல்லை. 55 சதவீதம் என்றால் இந்த வருட வருமானம் 10, செலவு 12.3, வரிக்கு நஷ்டம் 2.3 கோடி. கூட்டிக்காட்ட வேண்டியது 0.9.

முனுசாமி_பில்லிங்

அந்தக் கம்பிக்கு மெட்டீரியல் அட்வான்ஸ் வாங்கியிருப்பார்களே, அதுவும் வருமானம் இல்லையா?

வடபழனி_ஆடிட்டர்

இல்லை அண்ணே. பேரிலேயே அட்வான்ஸ் இருக்கிறதே.

கான்கிரீட்_செந்தில்

அப்படியானால் இந்த இழையில் ஆட்டிப் பார்க்க வேண்டிய ஒரே எண் 42தான். அதை எப்படிப் போட வேண்டும் என்று நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன்.

"40இல் இருந்து கொஞ்சம் மேலே" என்று மொத்தத்தைப் போட்டால் அது எஸ்டிமேட் இல்லை, ஆறுதல். மார்ச் 31 அன்று மிச்சமிருக்கும் வேலையை மட்டும் எடுங்கள். எத்தனை தூண் தலை, எத்தனை கர்டர், டெக் ஸ்லாப் எத்தனை கன மீட்டர், அப்ரோச் பக்கம் மண் எவ்வளவு. அதை இன்றைய விலையால் பெருக்குங்கள், டெண்டர் போட்ட அன்றைய விலையால் அல்ல. சப் கான்ட்ராக்டர் வொர்க் ஆர்டர் இருந்தால் அந்த ரேட். இதுவரை அளவு எடுத்தும் பில் வராத சப் கான்ட்ராக்டர் பாக்கி எதுவும் விட்டுப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள், அது பெரும்பாலும் விட்டுப்போயிருக்கும்.

அப்புறம் எல்லோரும் மறக்கிற ஒன்று, மாதச் செலவு. ஒரு கன மீட்டர் கான்கிரீட் போடாவிட்டாலும் பேட்சிங் பிளான்ட் வாடகை, கிரேன், சைட் ஸ்டாஃப், வாட்ச்மேன், டீசல் ஓடும். ரயில்வே மேம்பாலத்தில் தண்டவாளத்துக்கு மேலே கர்டர் ஏற்ற ரயில்வே டிராஃபிக் பிளாக் கொடுக்க வேண்டும், அதாவது அந்த நேரத்துக்கு ரயிலை நிறுத்தித் தர வேண்டும். கொடுக்கும்வரை நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பிளாக் வாங்கியாயிற்றா?

கயல்_சேலம்

இன்னும் இல்லை சார். சைட் இன்ஜினியரிடம் இப்போதுதான் போனில் கேட்டேன். ஆகஸ்ட் என்று நினைத்திருந்தது டிசம்பர் ஆகலாம் என்கிறார். மாதச் செலவு 15 லட்சத்துக்குக் குறையாது என்றும் சொன்னார்.

கான்கிரீட்_செந்தில்

நான்கு மாதம், 60 லட்சம். 42 கோடிக்குள் அது இருக்கிறதா என்று எம்டியிடம் கேளுங்கள். இல்லையென்றால் 42.6. தாமதத்துக்கு அபராதம் வருமா என்று ஒப்பந்தத்தையும் புரட்டிப் பாருங்கள். ரயில்வே பக்கத் தாமதத்துக்குக் கால நீட்டிப்பு கிடைக்கலாம், கிடைத்தாலும் அந்த மாதச் செலவை யாரும் தருவதில்லை என்பது என் அனுபவம்.

வடபழனி_ஆடிட்டர்

60 லட்சமும் இந்த வருடமே விழும், 3.2 அப்போது 3.8 ஆகும். அபராதம் வந்தால் அது ஒப்பந்த வருமானத்தில் கழியும், 40 கோடியே குறையும். நஷ்டத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே திசை.

கயல்_சேலம்

இதை இன்று மாலை எம்டியிடம் சொன்னேன். முகம் மாறிவிட்டது. பேங்கில் சிசி கடன் லிமிட் ரினியூவல் செப்டம்பரில் வருகிறதாம். பிறகு அவரே ஒரு வழி சொன்னார், இரண்டு வழி என்றுகூடச் சொல்லலாம்.

முதலாவது, இந்தப் பால வேலையைக் கொடுத்த அதே துறைக்கு நாங்கள் செய்யும் ஒரு சாலை வேலையில் 3 கோடி லாபம் வரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நஷ்டமே இல்லை.

இரண்டாவது, பாறை ஆழத்துக்காக 2.5 கோடி கிளெய்ம் போட்டிருக்கிறோம். டெண்டரோடு துறை கொடுத்த, மண்ணைத் துளைத்துப் பார்த்த போர் லாகில் பாறை 14 மீட்டரில் என்று இருந்தது, எங்களுக்குக் கிடைத்தது 21இல். அந்த 2.5ஐ ஒப்பந்தத் தொகையில் சேர்த்தால் 42.5 வருமானம், 42 செலவு. அரைக்கோடி லாபம்.

வடபழனி_ஆடிட்டர்

முதலாவது நடக்காது. இரண்டு வேலையும் ஒரே பேச்சுவார்த்தையில் ஒரே பொட்டலமாக, ஒன்றோடொன்று பின்னிப்பிணைந்து, ஒரே லாபக் கணக்கில் எடுத்ததாக இருந்தால்தான் ஒன்றாகப் பார்க்கலாம். தனித்தனி டெண்டர் என்றால் தனித்தனி விதி. சாலையின் லாபம் அதன் வேலை முடிய முடிய வரும், பாலத்தின் நஷ்டம் இன்றே வரும். அநியாயமாகத் தெரியும், ஆனால் அப்படித்தான்.

இரண்டாவதில் ஒரே கேள்வி. துறை என்ன பதில் சொன்னது?

கயல்_சேலம்

ஜனவரியில் கடிதம் கொடுத்தோம். பதில் இல்லை. "வாய்மொழியாக ஒப்புக்கொண்டார்கள்" என்கிறார் எம்டி.

ரகு_தோஹா

இங்கே கத்தாரில் வருமானத்துக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஃப்ஆர்எஸ் 15. எங்கள் கம்பெனியில் கிளெய்மை முழுதாகத் தள்ளமாட்டோம். வக்கீல் கருத்து வாங்கி, ஒப்பந்தப்படி உரிமை உண்டு என்றால், பின்னால் திருப்பி எழுத வேண்டி வராது என்று உறுதியாகத் தோன்றும் அளவுக்கு மட்டும் எடுப்போம். போன வேலையில் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு எடுத்தோம். பதில் வராததாலேயே பூஜ்யம் என்று சொல்வது கொஞ்சம் கடுமை.

வடபழனி_ஆடிட்டர்

ரகு, உங்கள் தரநிலை வேறு. ஏஎஸ் 7இல் கிளெய்முக்கு வாசல் இன்னும் குறுகல். பேச்சுவார்த்தை முற்றிய கட்டத்துக்கு வந்து, வாடிக்கையாளர் ஏற்பார் என்ற நிலை வேண்டும், தொகையும் நம்பகமாகத் தெரிய வேண்டும். ஜனவரிக் கடிதத்துக்குப் பதிலே வராதபோது பேச்சுவார்த்தை தொடங்கியதாகவே சொல்ல முடியாது. துறை இன்ஜினியர் பரிந்துரைத்து மேலே அனுப்பிய கோப்பு எண் இருந்தால் கொண்டுவாருங்கள், அப்போது பேசலாம்.

கான்கிரீட்_செந்தில்

இபிசி ஒப்பந்தங்களில் "போர் லாக் தகவலுக்கு மட்டும், ஏலதாரர் தானே சோதித்துக்கொள்ள வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும். இருந்தால் கிளெய்ம் ரொம்பவே பலவீனம். ஐட்டம் ரேட் வேலையாக இருந்திருந்தால் பைலுக்கு மீட்டர் கணக்கில் காசு வந்திருக்கும், இந்தத் தொல்லையே இல்லை.

கயல்_சேலம்

அந்த வரி இருக்கிறது. 37ஆம் பக்கம்.

ரகு_தோஹா

அப்படியானால் என் வக்கீலும் பூஜ்யம் என்றுதான் சொல்வார்.

கயல்_சேலம்

ஐந்து நாள் கழித்து வருகிறேன். செந்தில் சார் சொன்ன மாதிரி சைட் இன்ஜினியரோடு உட்கார்ந்து மிச்ச வேலையை மட்டும் அளவெடுத்தோம். கம்பி நீங்கலாக, மார்ச் 31 வரை செலவு 23.1, மிச்சம் 18.9. கூட்டினால் 42தான் வருகிறது. எம்டி குத்துமதிப்பாகச் சொன்னாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அதில் பிளாக் ஆகஸ்டில் கிடைக்கும் என்றே வைத்திருக்கிறது. கிளெய்மை அவரே கைவிட்டுவிட்டார்.

இப்போது சண்டை அந்த 60 லட்சத்துக்கு. பிளாக் டிசம்பர் என்ற ரயில்வே கடிதத்தின் தேதி மே 20. "மார்ச் 31 அன்று எனக்குத் தெரியாது, அது அடுத்த வருடச் செய்தி" என்கிறார்.

பாலா_டேக்ஸ்

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆண்டு முடிந்த பிறகு எடுத்த முடிவுதானே. அன்றைக்கு ஆகஸ்ட் என்பதுதான் நிலைமை.

வடபழனி_ஆடிட்டர்

எனக்கு இரண்டு மனம். ரயில்வே மே மாதத்தில் புதிதாகத் திட்டத்தை மாற்றியிருந்தால் அது பிந்தைய நிகழ்வு, குறிப்பில் சொன்னால் போதும். மார்ச்சுக்கு முன்பே ஆகஸ்ட் கிடைக்காது என்ற அறிகுறி இருந்து, கடிதம் அதை உறுதி மட்டும் செய்திருந்தால் 60 லட்சம் இந்த வருடத்துக்குத்தான். பிளாக்குக்கு நீங்கள் எப்போது விண்ணப்பித்தீர்கள்? கர்டர் ஏற்றும் திட்ட வரைபடத்துக்கு ரயில்வே ஒப்புதல் எப்போது வந்தது?

கான்கிரீட்_செந்தில்

அந்த வரைபடம்தான் சாவி. அது கையில் இல்லாமல் ஆகஸ்டில் பிளாக் என்று எந்த சைட் இன்ஜினியரும் நம்பியிருக்க மாட்டான்.

கயல்_சேலம்

பிப்ரவரியில் விண்ணப்பம். வரைபடத்தை மார்ச் 12இல் திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். திருத்தியதை நாங்கள் ஏப்ரல் கடைசியில்தான் கொடுத்திருக்கிறோம். அந்த மார்ச் 12 கடிதத்தை இன்றுதான் ஃபைலில் பார்த்தேன். எம்டியின் இனிஷியல் அதில் இருக்கிறது. நாளை ஆடிட்டர் வருகிறார்.